புரையேறியதை நான் சொல்லவில்லை

கௌண்டன்யக்கரை (குடியாத்தம்), மே 3, இரவு 11.40

என் மகனுக்கு இப்போது இரண்டு வயது ஏழு மாதம். போன நவம்பரிலிருந்து மார்ச் வரை நான்கு முறை படுத்தான். அதில் இரண்டு முறை நிமோனியா. மார்ச் இரண்டாம் வாரம் வேலூரில் மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டுப் பார்த்தார்கள். வலது நுரையீரலுக்குப் போகும் குழாயில், கீழ்க்கிளையின் வாயில் அரை வேர்க்கடலை இருந்தது. எடுத்து ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் காட்டினார்கள். என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

இப்போது அவன் நன்றாக இருக்கிறான். நான்தான் நன்றாக இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். தீபாவளி கழிந்து மாமியார் வீட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். வறுத்ததும் ஒரு முறத்தில் இருந்தது. அவன் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடினான். அண்ணன் மகன் ஏதோ வேடிக்கை காட்ட, சிரித்தான், புரையேறிவிட்டது. முகம் சிவந்து இரண்டு நிமிடம் விடாமல் இருமினான். மாமியார் உச்சந்தலையில் தட்டி, "உன் மாமன் நினைக்கிறான் பார்" என்றார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன். அடங்கிவிட்டது. சாயங்காலம் தெருவில் விளையாடினான். நான் அதோடு மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் இருமலும் வந்தன. மருந்து குடித்து ஐந்து நாளில் சரியானது. டிசம்பர் இருபது வாக்கில் நிமோனியா என்று சேர்த்தோம், ஐந்து நாள் ஊசி. அங்கே டாக்டர் கேட்டார்: "காசு, பொத்தான், ஏதாவது முழுங்கினானா?" நான் இல்லை என்றேன். பொங்கல் முடிந்து மறுபடி இழுப்பு. ஆஸ்துமா ஆரம்பம் என்று சொல்லி உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். அப்போது எக்ஸ்ரே எடுக்கவில்லை. மார்ச்சில் மறுபடி நிமோனியா.

நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். தூள் பட்டுத்தான் குழந்தைக்கு இப்படி என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி, இரண்டு மாதம் முறத்தைத் தொடவில்லை. தப்பான பாவத்துக்குப் பரிகாரம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது யோசித்தால் எத்தனை அறிகுறி! புரையேறியது ஒன்று. ஒருக்களித்து ஒரே பக்கமாகத் தூங்கினான். சிரித்தாலும் ஓடினாலும் இருமினான். வாயில் நாற்றம் வந்தது. ஒரு நாள் என் கணவர் முதுகில் காது வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் விசில் அடிக்கிறது" என்றார். நான் சளி என்றேன். உறிஞ்சும் மருந்து கொடுத்தும் முழுதாகக் குணமாகவில்லை. ஆறு அறிகுறி. டாக்டர் நேராகக் கேட்டும் இல்லை என்று சொன்னவள் நான். வேறு யார்மேல் பழி போடுவது?

---

ஆம்பூர்த்தோல் (ஆம்பூர்), மே 4, காலை 7.15

சகோதரி, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இந்த வயதில் அடிக்கடி சளி பிடிப்பது இயற்கை. என் இரண்டு பிள்ளைகளும் பால்வாடி போன முதல் வருடம் மாதம் ஒரு முறை படுத்தார்கள். எதிர்ப்புச் சக்தி அப்படித்தான் உருவாகும். அதோடு நம் பக்கத்துக் காற்று வேறு. ராணிப்பேட்டையில் தொடங்கி வாணியம்பாடி வரை தோல் பதனிடும் வேலை. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸில் போகிறோம். வீட்டில் பீடித்தூள் என்கிறீர்கள், அதையும் சாதாரணமாக விட முடியாது. கடலை ஒரு காரணமாக இருக்கலாம், காற்றையும் மறக்காதீர்கள்.

---

வாலாஜா வாசல் (வாலாஜாபேட்டை), மே 4, காலை 9.02

அடிக்கடி காய்ச்சல் வரும் குழந்தைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தீர்களா? என் மகளுக்கு ஒன்றரை வயதில் மாதா மாதம் காய்ச்சல். சளியும் இல்லை, இருமலும் இல்லை. பல் முளைக்கிறது என்றே எல்லோரும் சொன்னார்கள். ஐந்தாவது காய்ச்சலில்தான் சிறுநீரைச் சோதித்தார்கள், கிருமித்தொற்று. சிறுநீர் பையிலிருந்து மேலே சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகிறதாம். ஒரு சிறுநீரகத்தில் தழும்பு விழுந்துவிட்டது. அவள் சிறுநீர் கழிக்கும்போது அழுததைப் பார்த்தவள் நான். சூடு என்று நினைத்து இளநீர் கொடுத்தேன். ஏழு வருடம் ஆகிறது, இன்னும் இளநீர்க் கடையைத் தாண்டும்போது வயிற்றைப் பிசைகிறது.

---

கௌண்டன்யக்கரை, மே 4, காலை 9.30

அக்கா, என் மகனுக்குக் காரணம் தெரிந்து எடுத்தாகிவிட்டது. ஆனாலும் இளநீர் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அழுதேன். எனக்கு முறத்தைப் பார்த்தால் அப்படி இருக்கிறது.

---

நேர்ப்பேச்சு, மே 4, பகல் 12.20

எல்லோரும் தடவிக் கொடுக்கிறீர்கள். இரண்டு வயதுக் குழந்தை கையில் வறுத்த கடலையை யார் கொடுப்பார்கள்? அதுதானே கேள்வி? பிறகு அறிகுறி அது இது என்று எண்ணி என்ன பயன்?

---

வெள்ளைப்புடவை (வேலூர், சாயிநாதபுரம்), மே 4, பகல் 1.05

நேர்ப்பேச்சு ஐயா, நான் இருபத்தாறு வருடம் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பன்னிரண்டு வருடம் காது மூக்கு தொண்டை அறுவை அரங்கில். குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்ததில் பாதிக்கு மேல் வேர்க்கடலைதான். மீதி புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, தேங்காய்த் துண்டு, விசில், பேனா மூடி. கொண்டுவந்தவர்களில் பள்ளி ஆசிரியரும் இருந்தார்கள், ஒரு முறை ஒரு செவிலியின் குழந்தையும் வந்தது. மல்லாட்டை விளையும் ஊரில் அதைத் தரையில் பரப்பாத வீடு எது? கொடுக்கக் கூடாது என்பது சரி. ஆனால் அதை யாரும் அந்தத் தாய்க்கு முன்கூட்டிச் சொன்னதில்லை. தடுப்பூசி அட்டையில் எழுதியிருக்கிறதா?

தங்கையே, தண்ணீர் கொடுத்தது மட்டும் இனிமேல் வேண்டாம். இருமிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இருமல்தான் மருந்து. சத்தமாக இருமுகிறான், அழுகிறான் என்றால் முன்பக்கம் குனிய வைத்து இருமவிட வேண்டும். சத்தமே வரவில்லை, உதடு நீலம் பூக்கிறது என்றால் மட்டும் முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையால் ஐந்து அடி, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்வாக்கில் ஐந்து அழுத்தம், மாறி மாறி. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது, நெஞ்சில்தான் அழுத்த வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவது எல்லாவற்றிலும் கேடு. வெளியே இருந்ததைப் பாட்டிமார் உள்ளே தள்ளிக் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உச்சந்தலையில் தட்டுவதால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. மாமன் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

---

ஏலகிரிநிழல் (திருப்பத்தூர்), மே 4, இரவு 9.50

நான் குழந்தை மருத்துவன். பத்தொன்பது வருடமாகத் திருப்பத்தூரில் பார்க்கிறேன். கௌண்டன்யக்கரை எழுதிய ஆறு அறிகுறிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க விரும்புகிறேன், ஏனென்றால் அவை ஆறும் ஒரே எடை உள்ளவை அல்ல.

ஒருக்களித்துத் தூங்கியது: ஒன்றுமில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் எப்படியும் தூங்குவார்கள். கடலை இருந்தது தெரிந்த பிறகு அது அறிகுறிபோல் தெரிகிறது. சிரித்தால், ஓடினால் இருமியது: நுரையீரலில் எந்தக் கோளாறு இருந்தாலும் வரும்; ஆஸ்துமாவின் முதல் அடையாளமே அதுதான். ஆகவே அது கடலையைக் காட்டவில்லை, திசை திருப்பியது. வாய் நாற்றம்: நாள்பட்ட அடைப்பில் வரும்தான், ஆனால் சளி பிடித்த குழந்தைகளில் பலருக்கும் வருகிறது.

மிஞ்சுவது மூன்று. புரையேறியது, ஒரு பக்க விசில், மருந்துக்கு முழுதாக அடங்காதது. இவற்றில் முதலாவதை மட்டும் நீங்கள் பார்த்தீர்கள். அதன்பின் என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டு நிமிடம் இருமினான், அடங்கியது, சாயங்காலம் விளையாடினான். கடலை ஆழமாக இறங்கி ஒரு கிளையில் தங்கியவுடன் இருமல் நின்றுவிடுகிறது. மூச்சுக்குழாயின் மேல்பகுதிதான் கூச்சம் மிகுந்த இடம்; கீழே போனால் உடம்பு பழகிக்கொள்கிறது. இந்த அமைதி சில மணி நேரமும் இருக்கலாம், சில வாரமும் இருக்கலாம். புரையேறி, அடங்கி, குழந்தை சிரித்து விளையாடுவதைக் கண்ட தாய், "சரியாகிவிட்டது" என்று நினைத்ததில் என்ன பிழை? கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். அதைப் பொய்யாக்கியது கடலை.

புரையேறுவது எவ்வளவு சாதாரணம் என்றும் யோசியுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அடிக்கடி புரையேறும். டிசம்பரில் என் மருத்துவமனைக்கு ஒரு நாளில் நாற்பது பிள்ளைகள் இருமிக்கொண்டு வருகிறார்கள். இரண்டும் தனித்தனியாக ஒன்றுமில்லாதவை. சேர்த்துப் பார்த்தால்தான் பொருள், சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு முதல் காய்ச்சலில் இல்லை. அந்த முதல் காய்ச்சலில் என்னிடம் வந்திருந்தால் நானும் அதே மருந்தைத்தான் எழுதியிருப்பேன்.

ஆம்பூர்த்தோல் சொன்னதில் பாதி சரி. பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது வழக்கம்தான், பால்வாடி போனால் இன்னும் கூடும். ஆனால் காற்றும் தூசியும் புகையும் இரண்டு நுரையீரலுக்கும் பொதுவானவை. வலது கீழ்ப்பகுதிக்கு மட்டும் வஞ்சம் வைக்கும் தூசி இல்லை. எத்தனை முறை படுத்தான் என்ற எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு முறையும் நுரையீரலில் எந்த இடம் என்பதுதான் எனக்கு முக்கியம். இடம் மாறி மாறி வந்தால் ஆஸ்துமா, எதிர்ப்புச் சக்திக் குறைவு, உணவு மேலேறி உள்ளே போவது என்று உடம்பு முழுவதற்கும் பொதுவான காரணத்தைத் தேடுவேன். ஒரே இடத்தில் இரண்டாம் முறை வந்தால் அந்த இடத்தில் என்ன கிடக்கிறது என்று தேடுவேன்.

வாலாஜா வாசல் அவர்களுக்கு: சளியும் இருமலும் இல்லாமல் வெறும் காய்ச்சல் என்பதால்தான் உங்கள் மகள் கதை வேறு. அதைத் தனியாகப் பேச வேண்டும். இளநீரால் எதுவும் கெடவில்லை.

---

காட்பாடி சந்திப்பு, மே 5, காலை 6.40

டாக்டர் ஐயா, ஒரு சந்தேகம். டிசம்பரில் எக்ஸ்ரே எடுத்தார்களே, கடலை ஏன் தெரியவில்லை? காசு விழுங்கிய பையன் படத்தில் காசு பளிச்சென்று தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

---

ஏலகிரிநிழல், மே 5, பகல் 2.15

காசு உலோகம். கடலை, புளியங்கொட்டை, தேங்காய் எல்லாம் சதைபோலத்தான். கதிர் ஊடுருவிப் போய்விடும். எக்ஸ்ரேயில் நாம் கடலையைத் தேடுவதில்லை, கடலை செய்த வேலையைத் தேடுகிறோம்.

சைக்கிள் டியூப் வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சு இழுக்கும்போது குழாய் சற்று விரிகிறது, கடலையைச் சுற்றிக் காற்று உள்ளே போகிறது. மூச்சு விடும்போது குழாய் சுருங்கி, கடலையை இறுக்கிக்கொள்கிறது, காற்று வெளியே வர முடிவதில்லை. அந்தப் பக்கம் ஊதிக்கொண்டே போகும், படத்தில் கறுப்பாகத் தெரியும், இதயத்தின் நிழல் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். ஆனால் இது மூச்சு விட்ட நிலையில் எடுத்த படத்தில்தான் நன்றாகத் தெரியும். இரண்டு வயதுப் பிள்ளையிடம் "மூச்சை விடு" என்று சொல்லிப் படம் எடுக்க முடியுமா? ஒரு பக்கமாகப் படுக்க வைத்து எடுப்பது ஒரு வழி: படுத்த பக்க நுரையீரல் இயல்பாகச் சுருங்க வேண்டும், சுருங்காவிட்டால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. இதைக் கேட்டு எழுதினால்தான் எடுப்பார்கள்.

கடலை முழுதாக அடைத்துவிட்டால் வேறு கதை. உள்ளே இருந்த காற்றை உடம்பு உறிஞ்சிக்கொள்ள, அந்தப் பகுதி சுருங்கி, சளி தேங்கி, கிருமி சேர்ந்து, படத்தில் வெள்ளையாகத் தெரியும். பார்ப்பவர் நிமோனியா என்று எழுதுவார். எழுதுவதில் தவறில்லை, அது நிமோனியாவேதான். ஊசி போட்டால் காய்ச்சலும் குறையும். அடைத்த பொருள் அங்கேயே இருக்கும்.

எக்ஸ்ரே முற்றிலும் சரியாக இருந்தும் உள்ளே கடலை இருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் பலமாக இருந்தால், படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. மயக்கம் கொடுத்து உள்ளே பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. பார்த்து ஒன்றும் இல்லாமல் வெளியே வருவதும் உண்டு. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

---

வெள்ளைப்புடவை, மே 5, மாலை 4.30

கடலையில் இன்னொரு தொல்லை இருக்கிறது. அதன் எண்ணெய் மூச்சுக்குழாய்த் தோலை அரிக்கும், சுற்றிலும் சதை வீங்கி மூடிக்கொள்ளும். ஈரம் குடித்துக் கடலையே ஊறி மெத்தென்று ஆகும். முதல் வாரத்தில் வந்தால் இடுக்கியில் முழுதாக வரும். மாதக்கணக்கில் ஆனால் பிடித்தவுடன் மாவாய் உதிரும், துண்டு துண்டாக உறிஞ்சி எடுக்க வேண்டும், சில நேரம் இரண்டு நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். தங்கையின் பிள்ளைக்கு நான்கு மாதம் கழித்து ஒரே முறையில் முழு அரைக்கடலை வந்ததென்றால் அந்த மருத்துவரின் கை நல்ல கை.

---

கௌண்டன்யக்கரை, மே 5, இரவு 10.10

டாக்டர், நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். முதல் காய்ச்சலை விட்டுவிடுகிறேன். ஆனால் டிசம்பரில் நேராகக் கேட்டார்கள். நான் இல்லை என்றேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மார்ச்சில் பார்த்தவர் வேறு டாக்டர். டிசம்பர் படத்தையும் புதுப் படத்தையும் ஒரே விளக்குப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் செருகிவிட்டு, சிறிது நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, "தீபாவளிக்குப் பிறகு எப்போதாவது ஏதாவது தின்னும்போது புரையேறி, ரொம்ப நேரம் இருமினானா?" என்று கேட்டார். எனக்கு அந்த முற்றம், முறம், சிரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு வந்தது. கால் வெலவெலத்துவிட்டது. ஒரு நொடியில் ஞாபகம் வந்ததென்றால், டிசம்பரில் ஏன் வரவில்லை? மறைத்தேனா? எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

---

ஏலகிரிநிழல், மே 6, காலை 7.30

அம்மா, இரண்டு கேள்வியையும் அருகருகே வைத்துப் பாருங்கள், அந்த இரண்டு படங்களை வைத்ததுபோல.

"ஏதாவது முழுங்கினானா?" உங்கள் பதில் சரியானது. அவன் எதையும் முழுங்கவில்லை. முழுங்குவது வயிற்றுக்கு. காசு, பொத்தான் என்று அவர் சொன்னதும் உங்கள் மனம் காசையும் பொத்தானையும் தேடியது, இல்லை என்றது. புரையேறியது நம் வீடுகளில் நோய்க் கணக்கில் வருவதே இல்லை. அது மாமன் நினைத்த கணக்கில் போய்விடுகிறது. இரண்டாவது டாக்டர் உங்கள் வீட்டில் பேசும் வார்த்தையால் கேட்டார், அது நேராக அந்த முற்றத்துக்குப் போனது. நீங்கள் மறைத்திருந்தால் மார்ச்சிலும் மறைத்திருப்பீர்கள்.

இதைத் தெரிந்துகொண்டு எழுதவில்லை, பட்டு எழுதுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன் மூன்று வயதுப் பெண் குழந்தை, நான்கு மாதம் என்னிடமே வந்துகொண்டிருந்தாள். ஆஸ்துமா என்று நானே மருந்து கொடுத்தேன். கொஞ்சம் குறைந்தது, அதுதான் என்னை ஏமாற்றியது. கடலையைச் சுற்றிய வீக்கத்தை அந்த மருந்து தற்காலிகமாகக் குறைக்கும். அவள் விஷயத்தில் புளியங்கொட்டை. "எதையாவது மூக்கில் வாயில் போட்டுக்கொண்டாளா?" என்று கேட்டிருந்தேன். பாட்டிக்குத்தான் தெரியும், பாட்டி ஒரு நாளும் மருத்துவமனைக்கு வந்ததில்லை. அன்றிலிருந்து ஒரு பக்கச் சத்தம் கேட்டால், வீட்டில் பகலில் குழந்தையைப் பார்ப்பவர் யார் என்று கேட்டு, அவரிடம் தொலைபேசியில் பேசுகிறேன்.

நீங்கள் தவறவிட்டது எது என்று என்னைக் கட்டாயப்படுத்திக் கேட்டால், இதுதான் என் கணக்கு. நவம்பர் உங்கள் கையிலும் இல்லை, டாக்டர் கையிலும் இல்லை. டிசம்பரில் கேள்வியின் வார்த்தை பிசகியது. ஜனவரியில் இழுப்பு என்று வந்தபோது, ஒரு மாதம் முன்பு வலது கீழே நிமோனியா இருந்த பிள்ளை என்று மறுபடி படம் எடுத்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டு ஒப்பிட்டிருக்க வேண்டும். தவறிய இடம் அந்தப் பொங்கல் வாரம். அங்கே இழந்தது ஏழெட்டு வாரம். உங்கள் கணவர் காது வைத்துக் கேட்டது அப்போதா?

---

கௌண்டன்யக்கரை, மே 6, காலை 8.05

ஆமாம். பொங்கல் கழித்துத்தான். நான் டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. பீடி சுற்றுகிறவள் வீட்டுக்காரர் காது வைத்துக் கேட்டார் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

---

நேர்ப்பேச்சு, மே 6, காலை 9.45

அப்படியானால் டாக்டர்கள்மேல்தானே தவறு? அதைச் சொல்ல ஏன் இத்தனை சுற்று? ஒருவர் கேட்கத் தெரியாமல் கேட்டார், மற்றவர் படமே எடுக்கவில்லை. இந்தப் பெண் அழுதுகொண்டிருக்கிறார்.

முன்பு எழுதியதற்கு வருந்துகிறேன். என் தங்கை மகனுக்கும் இரண்டு வயது. நேற்று போய்ப் பார்த்தேன், கையில் கடலை உருண்டை.

---

வெள்ளைப்புடவை, மே 6, பகல் 11.20

முழுக் கடலை நான்கைந்து வயது வரை வேண்டாம், உருண்டையும் வேண்டாம். கடைவாய்ப் பல் எல்லாம் வந்து, அரைத்து மெல்லப் பழகவே அவ்வளவு காலம் ஆகிறது. அதற்கு முன் கடித்து உடைப்பார்கள், அரைக்க மாட்டார்கள். கடலையே ஆகாது என்று இல்லை. பொடித்துச் சாதத்தில் பிசையலாம், சட்னியாக அரைக்கலாம். உட்கார்ந்து தின்ன வேண்டும், ஓடிக்கொண்டு கூடாது, தின்னும்போது சிரிப்பு மூட்டக் கூடாது.

தங்கையே, நீங்கள் அந்த ஜனவரி டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. கோபத்தோடு அல்ல. அவருக்குத் தெரிந்தால்தானே அடுத்த பிள்ளைக்குக் கேட்பார்? இல்லாவிட்டால் உங்கள் பிள்ளை அங்கே ஆஸ்துமா குணமான பிள்ளையாகவே கணக்கில் நிற்பான்.

---

ஆம்பூர்த்தோல், மே 6, பகல் 1.00

போக வேண்டாம் என்பேன். நாளைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் அதே டாக்டரிடம்தான் ஓட வேண்டும். ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெரிய இடத்தில் மனக்கசப்பு வைத்துக்கொண்டு நம்மால் ஆகாது.

டாக்டர், வஞ்சம் வைக்கும் தூசி இல்லை என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பீடித்தூளும் தோல் நாற்றமும் ஒன்றும் செய்யாது என்று நீங்கள் சொல்லவில்லை, இல்லையா?

---

ஏலகிரிநிழல், மே 6, மாலை 6.20

சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பீடித்தூளைக் குழந்தை தூங்கும் அறையில் வைக்க வேண்டாம். அது வேறு வழக்கு, இந்த வழக்கில் அதைக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

---

கௌண்டன்யக்கரை, மே 9, இரவு 10.30

மூன்று நாள் எழுதவில்லை. ஒன்று கேட்க வேண்டும், ஒன்று சொல்ல வேண்டும்.

கேட்பது: கடலை எடுத்த பிறகும் மூன்று வாரம் இருமினான். இப்போது இல்லை. ஏப்ரல் கடைசியில் எடுத்த படம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். நான்கு மாதம் உள்ளே இருந்ததால் பின்னால் ஏதாவது வருமா?

சொல்வது: மாமியாரிடம் பேசினேன். இத்தனை நாள் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் புட்டியை நான் சமையலறை மேல்தட்டில் வைத்திருந்தேன். நேற்று காணோம் என்று தேடினால் அவர் எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். "நான் தலையில் தட்டாமல் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால்" என்று ஆரம்பித்தார். ஆறு மாதமாக இரண்டு பேரும் ஒரே முறத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்போது ஓடியிருந்தாலும், நன்றாகத்தானே இருக்கிறான் என்று திருப்பி அனுப்பியிருப்பார்களா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

---

ஏலகிரிநிழல், மே 10, காலை 7.00

மாமியார் கேட்டதற்குப் பதில்: அனுப்பியிருக்கலாம். வறுத்த கடலையோடு இரண்டு நிமிடம் புரையேறிய பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வந்தால், இப்போது நன்றாக இருந்தாலும் இரண்டு பக்கமும் கேட்டு, படம் எடுத்து, சந்தேகம் இருந்தால் உள்ளே பார்க்க வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் சாயங்காலம் தெருவில் ஓடும் பிள்ளையைப் பார்த்துவிட்டு எல்லோரும் அப்படிச் செய்கிறோமா என்றால், இல்லை.

பின்விளைவு பற்றி: பல மாதம் அடைத்துக் கிடந்தால் அந்தக் கிளை நிரந்தரமாக விரிந்து, சளி தேங்கும் இடமாக மாறுவது உண்டு. உங்கள் மகனுக்குப் படம் தெளிவாகிவிட்டது, இருமலும் நின்றுவிட்டது. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உறுதி தர மாட்டேன். அடுத்த ஓராண்டில் வலது கீழே மறுபடி நிமோனியா வந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய படங்களை எறியாதீர்கள். எங்கே போனாலும் மொத்தமாகக் கையில் எடுத்துப் போங்கள்.

---

கௌண்டன்யக்கரை, மே 16, இரவு 9.15

சிரசு திருவிழாக் கூட்டம் கலைந்த மறுநாள் அந்த ஜனவரி டாக்டரிடம் போனேன். ஆம்பூர் அண்ணன் மன்னிக்க வேண்டும். படங்களையும் புட்டியையும் எடுத்துப் போனேன். கணவரும் வந்தார். டாக்டர் முதலில் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "எந்தப் பக்கம் விசில் கேட்டது?" என்று கேட்டார். இவர் வலது முதுகைத் தொட்டுக் காட்டினார். "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" என்றார். இவர், "நீங்கள் கேட்கவில்லை" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. டாக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியில் அந்தக் கடலையைப் படம் பிடித்துக்கொண்டார். பரிசோதனைக் கட்டணம் வாங்கவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. அவர் வருத்தப்பட்டாரா என்று தெரியவில்லை.

---

புதுவரவு (பேரணாம்பட்டு), மே 17, காலை 6.10

இந்த இழை முழுவதையும் ராத்திரி படித்தேன். என் மகளுக்கு மூன்று வயது. போன மாதம் பொரியுருண்டை தின்னும்போது புரையேறியது, அதில் கடலையும் இருந்தது. பத்து நாளாக இருமல், காய்ச்சல் இல்லை. நேற்று ஒருவரிடம் காட்டினேன், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். புரையேறியதை நான் சொல்லவில்லை. என்ன செய்வது?

---

ஏலகிரிநிழல், மே 17, காலை 6.25

இன்றைக்கே மறுபடி போங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்: என்ன தின்றாள், எந்தத் தேதி, எவ்வளவு நேரம் இருமினாள். இருமலை அப்புறம் சொல்லலாம்.

---

புதுவரவு, மே 17, காலை 6.31

தேதி ஞாபகம் இல்லை. அவள் பாட்டியை எழுப்பிக் கேட்கிறேன்.